சொந்தக் குரலில் பதிவு: வாசித்து வைப்பதா, கேள்வி கேட்டு வைப்பதா?

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரியும் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனையும் இருக்கின்றன. புழு ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் கிளையோடு இலை வெட்டி வந்து தட்டுத் தட்டாகப் பரப்ப வேண்டும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். கைக்கு முழு வேலை, கண்ணுக்குப் பாதி வேலை. மூளைக்கு மட்டும் வேலையே இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, இந்த முக்கால் மணி நேரத்தை மூன்று வேளையும் சும்மா விடுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. என் குறிப்புகளை நானே வாசித்துப் போனில் பதிந்து மனைக்குள் கேட்க ஆரம்பித்தது அப்படித்தான்.

ஆறேழு மாதத்தில் நான்கு விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். எழுதியதை அப்படியே வாசித்துப் பதிவது ஒன்று. கேள்வி கேட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, விடை சொல்லிப் பதிவது இன்னொன்று. நம் குரலே வேண்டாம் என்று யூடியூப் வகுப்பையோ போன் வாசித்துக் காட்டும் குரலையோ கேட்பது மூன்றாவது. காதையே விட்டுவிட்டு அட்டையில் எழுதி வைத்துப் படிப்பது நான்காவது. எது எப்போது உதவுகிறது என்று என் நாத்தனார் கேட்டாள். அவளும் அடுத்த முறை எழுதப் போகிறாள். அவளுக்குச் சொன்னதை விரித்து எழுதியதுதான் இது.

முதலில் நேர் வாசிப்பு. எல்லோரும் தொடங்குவது இங்கேதான், நானும் அப்படித்தான். அரசியலமைப்புப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் இருபது சட்டப்பிரிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். 14 சட்டத்தின் முன் சமம், 17 தீண்டாமை ஒழிப்பு, 21 உயிர் வாழும் உரிமை, 32 நீதிமன்றத்தை நாடித் தீர்வு பெறும் உரிமை, 40 கிராமப் பஞ்சாயத்து, 110 பண மசோதா, 112 ஆண்டு நிதிநிலை அறிக்கை, 280 நிதிக் குழு, 324 தேர்தல் ஆணையம், 352, 356, 360 ஆகிய மூன்று அவசரநிலைகள், 368 சட்டத் திருத்தம் என்று போகும் பட்டியல். வாசித்து முடிக்க இரண்டு நிமிடம். ஒரு வேளைத் தீனிக்கு ஆறேழு முறை ஓடவிட்டேன். நான்காம் நாள் நானும் கூடவே முணுமுணுத்தேன், பாட்டு மாதிரி வந்தது. எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் மாதிரித் தேர்வு. நிதிக் குழு எந்தச் சட்டப்பிரிவு என்று ஒரு கேள்வி. பேனாவை வைத்துவிட்டு மனசுக்குள் 14-இல் இருந்து ஓட்டினேன். 40, 110, 112, அதற்கடுத்தது என்று வந்தால்தான் 280 வாயில் வருகிறது. நேராகக் கேட்டால் வரவில்லை. குரூப் 4-இல் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் முதலில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்க முடியுமா?

கேட்டுக் கேட்டுப் பதிந்தது ஒவ்வொரு செய்தியும் அல்ல, ஒன்றை அடுத்து இன்னொன்று வரும் வரிசைதான். 112 என்ற ஒலி 280 என்ற ஒலியை இழுத்து வருகிறது, 'நிதிக் குழு' என்ற கேள்வி இழுத்து வருவதில்லை. இன்னொரு வம்பும் உண்டு. நம் குரலில், நாம் எழுதிய சொற்களில், தடங்கல் இல்லாமல் கேட்கும்போது 'ஆமாம், ஆமாம், தெரியும்' என்று மனசு தலையாட்டிக்கொண்டே போகும். கேட்டால் அடையாளம் தெரிவது வேறு, கேட்காமலே எடுத்துச் சொல்ல வருவது வேறு. நமக்கு எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பதிவை ஒரு எண் சொன்னவுடனே நிறுத்திவிட்டு, அது எதைப் பற்றியது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு நடுவில் இருந்து பின்னோக்கி இரண்டு கேளுங்கள். தடுமாறினால் உங்களிடம் இருப்பது பாட்டுதான்.

நேர் வாசிப்பை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. வரிசை பிசகாமல் வர வேண்டிய பொருளுக்கு அதைவிட நல்லது இல்லை. தமிழ்ப் பகுதிக்கு மனப்பாடக் குறள்களையும் செய்யுள் அடிகளையும் இன்றும் நான் அப்படியேதான் பதிந்து வைத்திருக்கிறேன். அங்கே பாட்டாக வந்தால்தான் வேலை முடியும்.

அடுத்தது கேள்வி–இடைவெளி–விடை. அதே இருபது சட்டப்பிரிவில் சொதப்பிய பன்னிரண்டை மட்டும் எடுத்து, வரிசையைக் கலைத்து, இப்படிப் பதிந்தேன்: "நிதிக் குழு எந்தச் சட்டப்பிரிவு?" ஐந்து நொடி அமைதி. "280. குடியரசுத் தலைவர் அமைப்பார், ஐந்தாண்டுக்கு ஒரு முறை." ஒரு மூச்சு. அடுத்த கேள்வி. ஒரு கேள்விக்குச் சுமாராகப் பதினைந்து நொடி, பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். இலை பரப்பிக்கொண்டே அந்த ஐந்து நொடிக்குள் விடையை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். புழுவுக்குக் காது கேட்காது என்ற தைரியம்தான். ஒரு நாள் மாமியார் வாசலில் நின்று, "யாரும்மா உள்ள? யார்கிட்டப் பேசற?" என்று கேட்டார். "நான்தாங்க அத்தை. நானே கேட்டு நானே சொல்லிக்கிறேன்" என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஐந்து நொடிதான் எல்லாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டும். ஒரு பத்தியை மாணவர்கள் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே இன்னொரு முறை படித்தார்கள், இன்னொரு சாரார் படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களே முன்னால்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நேர் வாசிப்பைக் கேட்கும் அன்றைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும் ஞாயிற்றுக்கிழமை காணாமல் போவதும் ஏன் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மறுபடி கேட்பது மறுபடி படிப்பதற்குத் தம்பி. இடைவெளியில் விடையைத் தேடி எடுப்பது எழுதிப் பார்ப்பதற்குத் தம்பி.

அப்படியானால் சொந்தக் குரலுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நோவா ஃபாரின், காலின் மெக்லியோட் என்ற இருவர் இதையே நேராகச் சோதித்தார்கள். அந்தக் கட்டுரை 2018-இல் அச்சில் வந்தது. சொற்களைச் சத்தமாக வாசிப்பது, தன் குரலில் பதிந்ததைக் கேட்பது, பிறர் வாசித்ததைக் கேட்பது, மௌனமாக வாசிப்பது என்ற நான்கில், நினைவில் நின்றதும் இதே வரிசையில்தான். சத்தமாக வாசித்தது முதலிடம், சொந்தக் குரலைக் கேட்டது இரண்டாமிடம், பிறர் குரல் அதற்கும் கீழே. அவர்கள் சோதித்தது தனித்தனிச் சொற்களை, பாடத்தை அல்ல. வித்தியாசமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது அல்ல. ஆனாலும் எனக்கு இதில் ஒரு செய்தி கிடைத்தது. பதிவு செய்யும் அந்த மூன்று நிமிடமே, வாய்விட்டு வாசிப்பதால், பின்னால் கேட்கும் மூன்று நிமிடத்தைவிட உசத்தி. அதனால் பழைய பதிவையே மாதக்கணக்கில் ஓட்டாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கேள்விகளைக் கலைத்துப் போட்டு மறுபடி பதிகிறேன். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அலுப்பிலும் ஒரு முறை வாய்விட்டுப் படித்தாகிவிடுகிறது.

கேள்விப் பதிவிலும் குழி இருக்கிறது. முதல் முறை பதிந்தபோது கேள்வி கேட்டுவிட்டு இடைநிறுத்தப் பொத்தானை அழுத்தி, மனசுக்குள் ஐந்து எண்ணி, மறுபடி அழுத்தி விடை சொன்னேன். கேட்டுப் பார்த்தால் இடைவெளியே இல்லை, கேள்வியும் விடையும் ஒட்டிக்கொண்டு வந்தன. நிறுத்தி வைத்த நேரம் பதிவாகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நாம்தான் விரலை மடக்கி ஐந்து எண்ண வேண்டும். சில போன்களின் குரல்பதிவுச் செயலியில் சத்தமில்லாத இடங்களைத் தாண்டிப் போகும் வசதி ஒன்று இருக்கும். அது வேலை செய்துகொண்டிருந்தால் இடைவெளி எல்லாம் போய்விடும், அணைத்து வையுங்கள். வேகத்தைக் கூட்டிக் கேட்டாலும் இதே கதைதான். ஒன்றரை மடங்கில் ஓட்டினால் ஐந்து நொடி மூன்றரை நொடிகூடத் தேறாது.

எல்லாக் குறிப்பும் கேள்வியாக மாறாது என்பதும் உண்மை. 'எட்டுத்தொகை நூல்கள் எவை?' என்று கேட்டுவிட்டு ஐந்து நொடி விட்டால் எட்டையும் யாரால் சொல்ல முடியும்? ஒரு கேள்விக்கு ஒரே விடை என்று உடைக்க வேண்டும். எட்டுத்தொகையில் அடி எல்லையை வைத்துக் கேள்வி வரும். ஐங்குறுநூறு 3 முதல் 6 அடி, குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. இதை "9 அடி முதல் 12 அடி வரை கொண்ட நூல் எது?" என்று ஒரு முறையும், "நற்றிணையின் அடி எல்லை என்ன?" என்று வேறொரு இடத்தில் இன்னொரு முறையும் கேட்டுப் பதிகிறேன். இரண்டு பக்கமும் கேட்கவில்லை என்றால் ஒரு பக்கம் மட்டும்தான் வரும். தருமபுரி மாவட்டம் சேலத்தில் இருந்து பிரிந்தது 1965, தருமபுரியில் இருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 என்பதையும் அப்படித்தான். ஆண்டைச் சொல்லி மாவட்டத்தைக் கேட்பதும் வேண்டும், மாவட்டத்தைச் சொல்லி ஆண்டைக் கேட்பதும் வேண்டும். ஆக ஒரு பக்கக் குறிப்பைக் கேள்வியாக மாற்ற எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. நேர் வாசிப்புக்கு அந்தச் செலவு இல்லை. இந்த அரை மணி நேரம் உங்களிடம் இல்லை என்றால் கேள்விப் பதிவை விட்டுவிடுங்கள், ஆனால் நேர் வாசிப்பு அதே பலனைத் தரும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆபத்தான ஒரு தவறு இரண்டுக்கும் பொது. ஒரு பதிவில் ஆண்டு நிதிநிலை அறிக்கைக்கு 112 என்பதற்குப் பதில் 110 என்று வாய் தவறிச் சொல்லியிருக்கிறேன். 110 பண மசோதா. இரண்டும் பணம், இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண், நாக்கு வழுக்கிவிட்டது. அதையே இரண்டு வாரம் கேட்டேன். தேர்வில் ஒரு நொடிகூட யோசிக்காமல் தப்பு விடையைக் கறுப்படித்துவிட்டு வந்தேன். தெரியாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து பதிந்த உடனே எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை முழுதாகக் கேட்பேன், பேனாவால் ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுக்கொண்டே. கோப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் நீளக் கூடாது என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான். தப்பு வந்தால் மூன்று நிமிடத்தை மறுபடி பதிந்தால் போதும். அரை மணி நேரக் கோப்பு என்றால் சோம்பலில் அப்படியே விட்டுவிடுவோம்.

பதிவின் தரத்துக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். விசிறியை நிறுத்த வேண்டும், போனை விமானப் பயன்முறையில் போட வேண்டும். வாய்க்கு நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் ஒரு சாண் தூரத்தில் போனை வைக்க வேண்டும். நேரே வைத்தால் 'ப' வரும் இடத்தில் எல்லாம் மூச்சு மோதிப் பட்டென்று வெடிக்கும். எங்கள் வீட்டுக் கான்கிரீட் அறையில் குரல் எதிரொலித்தது. துணி தொங்கும் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து பதிந்தேன், எதிரொலி அடங்கிவிட்டது. விடிகாலையில் தக்காளி வண்டிகள் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடும், அதனால் இரவு ஒன்பது மணிக்குமேல்தான் எனக்குத் தோது. இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரண அமைப்பில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. அமைப்பில் 'வேவ்' வகை தேர்வாகி இருந்தால் மட்டும் நிமிடத்துக்கு ஐந்து எம்பி விழுங்கும், பேச்சுக்கு அது வீண்.

தன் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை என்று நாத்தனார் புலம்பினாள். "கீச்சுன்னு இருக்குது அண்ணி, இதுவா நான்?" என்றாள். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. எலும்பு வழியே போவதில் கனத்த ஒலி கூடுதல். பதிவில் அது இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்பது அந்த மெலிந்த குரலைத்தான். மூன்றாம் நாள் அவளுக்கும் பழகிவிட்டது.

அப்படியும் கூச்சம் போகாதவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. கேள்வியை வேறொருவர் கேட்கட்டும், விடையை நாம் சொல்லலாம். என் மகள் ஐந்தாம் வகுப்பு. ஒரு சாக்லேட்டுக்குப் பன்னிரண்டு கேள்வி வாசித்துக் கொடுத்தாள். "மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி எந்தச் சட்டப்பிரிவு?" என்பதை 'குடிய... குடியரசு' என்று திக்கி வாசித்திருக்கிறாள். அந்தத் திக்கல் வரும்போதே எனக்கு 356 வாயில் வந்து நின்றுவிடுகிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது நல்லதல்ல. தேர்வுத் தாளில் யாரும் திக்கப் போவதில்லை. கேள்வியின் பொருள் விடையைத் தூண்ட வேண்டும், பதிவில் இருக்கும் இருமலோ நாய் குரைப்போ தூண்டக் கூடாது. ஒரு கேள்வி அப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தால் அதை மறுபடி பதிந்துவிடுவேன்.

மூன்றாவது வழியான அடுத்தவர் குரலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. புதுப் பாடம் ஒன்று தலைகால் புரியாதபோது யூடியூப் வகுப்பு நல்லதுதான். நம்மிடம் குறிப்பே இல்லாதபோது நம் குரலில் எதைப் பதிவது? ஆனால் திருப்புதலுக்கு அது உதவாது. முக்கால் மணி நேர வகுப்பில் எனக்குத் தேவையானது பத்து நிமிடம், அந்தப் பத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இலைப்பால் பட்ட கையால் போனைத் தடவ முடியாது. எழுத்தைப் போனே வாசித்துக் காட்டும் வசதியையும் பார்த்தேன். சுருக்கெழுத்துகளைக் கண்டபடி வாசிக்கிறது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை. வாய்விட்டுப் படிக்கிற பலன் அதில் நமக்கு இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

நான்காவது, அட்டை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தால் கேள்விப் பதிவைவிட இதுவே மேல் என்பேன். தெரிந்த அட்டையை ஒதுக்கிவிட்டுத் தெரியாததை மட்டும் மறுபடி பார்க்கலாம். பதிவில் தெரிந்த கேள்விக்கும் பதினைந்து நொடி காத்திருந்தாக வேண்டும். தேர்வில் வரும் 25 திறனறிக் கணக்குகளும் காதுக்கு ஆகவே ஆகாது. மீப்பெரு பொதுக் காரணியையும் தனி வட்டியையும் காதால் கேட்டு என்ன செய்வது? வரைபடமும் அப்படியே. ஆகவே மேசை நேரத்தைப் பதிவு தின்னக் கூடாது. எப்படியும் படிப்புக்கு ஆகாத நேரத்தில் மட்டும்தான் பதிவுக்கு இடம்.

வேலைக்கு வேலை இது மாறும். இலை பரப்புவது, வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது போன்ற கை பழகிய அமைதியான வேலைகளில் கேள்விப் பதிவு. களி கிண்டும்போது எதுவும் வேண்டாம். கட்டி விழாமல் பார்க்கிற கவனத்தில் கேள்வி காதிலேயே நின்றுவிடும், அதற்குள் விடையும் வந்துவிடும், சும்மா சத்தம்தான் மிச்சம். இலை வெட்டும்போதும் கேட்பதில்லை, கையில் அரிவாள். பாத்திரம் தேய்க்கையில் தண்ணீர்ச் சத்தம் பாதியை மறைத்துவிடும், அங்கே செய்யுள் அடிகளை ஓடவிடுகிறேன், ஒரு சொல் போனாலும் அடுத்த சொல் பிடித்துக் கொடுக்கும். சாயங்காலம் ஏரிக்கரை வரை நடக்கும்போது கேள்விப் பதிவு, ஒற்றைக் காதில் மட்டும். பால் வண்டியும் டிராக்டரும் பின்னால் வருவது மற்றக் காதுக்குத் தெரிய வேண்டும். நடையில் விடையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் உதட்டை அசைத்தாவது சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் 'கிட்டத்தட்ட அதைத்தான் நினைத்தேன்' என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வழி பிறந்துவிடும்.

மனைக்குள் போனைத் தொடவே முடியாது என்பதால் இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். நான்கு கோப்புகளை வரிசையாக ஓடும்படி போட்டு, போனைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தூணில் இருக்கும் ஆணியில் மாட்டிவிடுவேன். நான்கும் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம், ஒரு வேளைக்கு இரண்டு சுற்று. அதற்குமேல் ஓட்டினால் அன்றைக்கே காது மரத்துப் போகிறது. மீதி நேரம் புழு இலை தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வேன். ஐந்தாம் பருவத்தில் அது ஓட்டுக்கூரையில் தூறல் விழுவது மாதிரியே இருக்கும். இன்று கேட்ட கோப்பு நாளைக்கு வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு முறை, பிறகு ஒரு வாரம் கழித்து ஒரு முறை. அந்த ஒரு வாரத்தில் மறந்துபோன கேள்விகளை மட்டும் பிடித்துப் புதுக் கோப்பு ஒன்று. முதலில் 60 கேள்விகளோடு தொடங்கிய சட்டப்பிரிவுப் பகுதியில் இப்போது என்னிடம் பாக்கி இருப்பது ஒன்பது. அதில் 352-க்கும் 360-க்கும் இன்னும் சண்டை ஓயவில்லை.

நாத்தனாருக்குப் புழுவும் இல்லை, மனையும் இல்லை. பாலக்கோட்டில் துணிக்கடையில் நிற்கிறாள், பஸ்ஸில் போய் வருகிறாள். பஸ்ஸில் கை இரண்டும் சும்மா இருக்கும், உட்கார இடமும் கிடைத்துவிடும். அவளுக்கு நான் சொன்னது அட்டையைத்தான். வீட்டுக்கு வந்து சப்பாத்தி தேய்க்கும் அரை மணி நேரத்துக்கு மட்டும் ஒரே ஒரு மூன்று நிமிடக் கேள்விப் பதிவு. அவள் அதற்குள் நாற்பது நிமிடத்துக்கு நேர் வாசிப்பாகப் பதிந்து வைத்திருந்தாள். அழிக்கச் சொன்னால் மனசு வரவில்லை. "இவ்வளவு நேரம் வாசிச்சிருக்கேனே அண்ணி" என்றாள். வாசித்த பலன் வாசித்தபோதே அவளுக்குக் கிடைத்துவிட்டது என்றேன். அழித்தாளா என்று தெரியவில்லை.

எங்கள் புழு நாளைக்குப் பழுத்துவிடும், கூடு கட்ட நெட்ரிகா வலையில் ஏற்றிவிட வேண்டும். கூடு அறுத்துத் தருமபுரி அங்காடிக்குப் போய், மனையைக் கழுவி மருந்தடித்து, அடுத்த தொகுதி வந்து இறங்கும் வரை தீனி வேலை இல்லை. அந்த நாட்களில் போன் ஆணியில் தொங்காது. மேசையும் அட்டையும்தான், நடுநடுவே வட்டிக் கணக்கு.